கண்ணயர்ந்து உறங்குங்கள்

கண்ணயர்ந்து உறங்குங்கள், காவலுக்கு நான் இருக்கின்றேன்;
விண்வெளுக்கும் வேளைவரை விழித்திருந்து காத்திருப்பேன்.

நின்று நின்று கால் கடுத்தாலும், நெற்றிப்பொட்டு வலித்தாலும்,
என்னை மீறி இமைகளிரண்டும் எப்போதேனும் சரிந்தாலும்,
அழைப்புமணி ஒலித்தவுடன் அருகில் வந்து நின்றிடுவேன்.
(கண்ணயர்ந்து)

மூன்றாம் கட்டில் முதியவரே, முதுகு புண்ணாய் ஆகாமல்
2 மணி நேரத்துக்கு ஒருமுறை உம்மை இடம்வலமாய்த் திருப்பிவைத்து,
குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி
கெண்டைக்காலின் கீழே மெல்லத் தலையணையைத் தாங்கவைப்பேன்;
மகளின் பெயரால் அழைக்கின்றீர், மறுத்துச் சொல்ல மனமில்லை,
"இதோ வந்தேன் அப்பா" என்றே இரவு முழுதும் பதிலளிப்பேன்.
(கண்ணயர்ந்து)

காய்ச்சலிலே அனத்தும் கண்ணே, கைநரம்பில் ஏறும் மருந்து
சொட்டுச் சொட்டாய் இறங்குவதைக் கடிகாரத்தோடு எண்ணுகின்றேன்;
ஊசி ஏறிய இடம் வீங்கவில்லை, உச்சந்தலையும் வியர்க்கிறது,
39 பாகையில் நின்ற வெப்பம் 38க்கு இறங்கியது;
நாற்காலியில் சாய்ந்த தாயை நான் எழுப்பிச் சொல்லட்டுமா?
பாவம், அவள் இப்போதுதான் உறங்கினாள். விழித்ததும் முதலில் இதைச் சொல்வேன்.
(கண்ணயர்ந்து)

அறுவை முடிந்து படுத்த அம்மா, வலியைச் சொல்லத் தயங்காதீர்;
பல்லைக் கடித்துப் பொறுத்திருந்தால் மூச்சை ஆழமாய் இழுக்க முடியாது;
0 முதல் 10க்குள் எத்தனை என்று விரலைக் காட்டினாலே போதும்,
மருத்துவரைக் கேட்டறிந்து மருந்தோடு நான் வந்திடுவேன்.

காலைப் பணிக்கு வரும் தோழியிடம், களைப்பில் எதுவும் விடுபடாமல்,
ஒவ்வொருவர் நிலையும் கட்டிலருகே நின்று சொல்லி ஒப்படைத்து,
அவள் உம் பெயரைச் சொல்லி அழைத்த பின்பே விடைபெறுவேன்.
(கண்ணயர்ந்து)