அளந்து சொன்ன ஆண்டுகள்: நம் இயற்பியல் ஆசிரியையின் பணி நிறைவுப் படத்தொகுப்பு

முகப்பு
(புகைப்படம்: ஆய்வகக் கதவு. கைப்பிடிக்கு மேல், "உள்ளே ஊசல் ஆடுகிறது, கதவை மெதுவாகத் திறக்கவும்" என்று எழுதிய அட்டை.)

1993 முதல் 2025 வரை நம் பள்ளியில் இயற்பியல் கற்பித்து இன்று பணி நிறைவு பெறும் டீச்சருக்காக, ஆசிரியர் அறையினர் அவரவர் பெட்டியிலும் கைப்பேசியிலும் தேடி எடுத்த படங்கள் இவை. கதவில் இருக்கும் அட்டை எழுதப்பட்ட ஆண்டு யாருக்கும் நினைவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகும் கதவைப் படாரென்று திறந்தவர்கள் யார் யார் என்பது டீச்சருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

படம் 1: 1993
(புகைப்படம்: ஆசிரியர்கள் மூன்று வரிசையாக நிற்கும் குழுப்படம்.)

கடைசி வரிசையின் இடது ஓரத்தில், பாதி முகம் மட்டும் தெரிய நிற்பவர்தான் டீச்சர். அந்த ஆண்டின் புதிய ஆசிரியர்கள் எல்லோருமே ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

படம் 2: திருகு அளவிப் பெட்டி
(புகைப்படம்: மரப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டிய சிறிய தாள், மிக அருகில் எடுத்தது.)

டீச்சர் பொறுப்பேற்றபோது ஆய்வகத்தில் இருந்த திருகு அளவிகளில் பல, முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடும்போது சுழியைக் காட்டாமல் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ நின்றன. புதியவற்றை வாங்கித் தருமாறு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருக்காமல், ஒவ்வொரு கருவியின் சுழிப்பிழையையும் தாமே அளந்து, அதை அந்தந்தப் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டினார். இந்தத் தாளில் இருப்பது: "சுழிப்பிழை +0.03 மி.மீ. ஆகவே ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் 0.03 கழிக்கவும்." மீச்சிற்றளவு 0.01 மி.மீ. மட்டுமே உள்ள கருவியில் இது சிறிய பிழை அன்று. ஆனால் அளவு தெரிந்துவிட்ட பிழையால் கெடுதல் இல்லை என்று அவர் எங்களிடம் பல முறை சொல்லியிருக்கிறார். கருவிகளைப் பற்றி மட்டும் சொன்னாரா, எங்களையும் சேர்த்துச் சொன்னாரா என்பதை இன்றாவது அவர் தெளிவுபடுத்தலாம்.

படம் 3: ஒரு மாணவியின் செய்முறை ஏடு
(புகைப்படம்: தனி ஊசல் சோதனையின் அட்டவணை. ஓர் எண் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு.)

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நாங்கள் இதைத்தான் எடுப்போம். ஊசலின் நீளம் 100 செ.மீ. என்றும், 20 அலைவுகளுக்கு ஆன நேரம் 38.1 நொடி என்றும் மாணவி எழுதியிருக்கிறார். பிறகு அதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 40.1 என்று எழுதியிருக்கிறார். தவறான அளவீட்டை அழிப்பானால் அழிக்கக்கூடாது, மை பூசி மறைக்கக்கூடாது, கீழே இருப்பதைப் படிக்க முடியும்படி ஒரே கோட்டால் அடிக்க வேண்டும் என்பது டீச்சரின் ஆய்வகத்தில் மாறாத விதி.

ஓரக் குறிப்பைப் பாருங்கள்: "38.1 எங்கிருந்து வந்தது? ஊசலை விட்டதும் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினாயா? 'சுழி' என்று தொடங்கிப் பார்." ஒரு மீட்டர் ஊசலுக்கு ஓர் அலைவு சற்றேறக்குறைய 2 நொடி. கடிகாரத்தை இயக்கும் கணத்திலேயே ஒன்று என்று எண்ணிவிட்டால், இருபது என்று சொல்லும்போது உண்மையில் முடிந்திருப்பவை 19 அலைவுகள்; அவற்றுக்கான நேரம் 38.1 நொடிதான். மாணவி அந்த எண்ணை அழித்திருந்தால் கடைசி விடை சரியாகவே இருந்திருக்கும். ஆனால் எப்படித் தவறினார் என்பதை டீச்சராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மதிப்பெண் பத்துக்குப் பத்து கொடுக்கப்பட்டிருப்பதையும் கவனிக்கவும்.

படம் 4: 2004 ஜூன் 8
(புகைப்படம்: திறந்த வெளியில் முக்காலியில் நிற்கும் சிறிய தொலைநோக்கி, அதன் பின்னால் வெள்ளை அட்டை பிடித்திருக்கும் சிறுவன், குனிந்து அட்டையைப் பார்க்கும் ஆசிரியர்கள்.)

வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்த நாள் இது. இதற்கு முந்தைய கடப்பு 1882-இல் நிகழ்ந்தது. ஆகவே அன்று காலை உலகில் உயிருடன் இருந்த எவருமே அதற்கு முன் அதைக் கண்டதாகச் சொல்லிக்கொள்ள வாய்ப்பில்லை. தொலைநோக்கி வழியாக யாரும் நேரே பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, சூரியனின் பிம்பத்தை அட்டையில் விழச் செய்து, கருவியை விட்டு ஒரு நொடியும் அகலாமல் டீச்சர் நின்றார். பிம்பத்தின் விட்டத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இருந்த கரும்புள்ளியைக் கண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்ட மொழியாசிரியரின் முகமும் இதே படத்தில் பதிவாகியுள்ளது. அதற்கு டீச்சர், பூமியளவு பெரிய ஓர் உலகம்தான் அந்தப் புள்ளி என்று மட்டும் சொன்னார். மொழியாசிரியர் அடுத்த வகுப்புக்குத் தாமதமாகப் போனார்.

அட்டை பிடித்திருக்கும் சிறுவன் இப்போது நம் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறார். இந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டிக்கொண்டிருப்பவரும் அவரே.

படம் 5: 2012 ஜூன்
(புகைப்படம்: அதே முக்காலி, அதே தொலைநோக்கி, வேறு பிள்ளைகள்.)

எட்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு கடப்பு. அடுத்தது 2117-இல் என்பதால், வராத பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் டீச்சர் முதல் நாளே தொலைபேசியில் பேசிவிட்டார்.

படம் 6: கூரையில் தொங்கும் சூரியக் குடும்பம்
(புகைப்படம்: நூலில் கட்டிய கோள்களின் மாதிரிகள், ஓரத்தில் தனியாக ஒரு சிறு பந்து, அதில் ஓர் அட்டை.)

2006 ஆகஸ்ட் 24 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து விலக்கிக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியபோது, ஆய்வகக் கூரையில் தொங்கிய ஒன்பதாவது பந்தைக் கழற்றிவிடலாம் என்று அலுவலக உதவியாளர் ஏணியுடன் வந்தார். டீச்சர் அதைக் கழற்ற விடவில்லை. பந்தைச் சற்று விலக்கிக் கட்டச் செய்து, "1930 முதல் 2006 வரை கோள்" என்று எழுதிய அட்டையை அதில் தொங்கவிட்டார். பாடநூல் மாறியது ஏன் என்று இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு பிள்ளை கேட்பதற்கு அந்த அட்டைதான் காரணம். கேட்க வைப்பதற்காகவே அது தொங்குகிறது என்பது எங்கள் ஊகம்.

படம் 7: தேதி இல்லாத படம்
(புகைப்படம்: முழுக்க இருட்டு, நடுவில் ஒரு கைவிளக்கின் ஒளி.)

மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைத் தொடராக இணைக்காமல் பக்க இணைப்பில் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கான சான்று. பொருத்தியவர் மாணவர் அல்லர். அவர் இந்த அரங்கில் இருக்கிறார் என்பதால் பெயரைத் தவிர்க்கிறோம்.

படம் 8: 2019 மே 20
(புகைப்படம்: கரும்பலகை முழுவதும் பெரிய எழுத்தில் ஓர் எண்: h = 6.62607015 × 10⁻³⁴ J s.)

பாரிசுக்கு அருகில் உள்ள செவ்ரெவில் பாதுகாக்கப்படும் பிளாட்டினம்-இரிடியம் உருளையே 1889 முதல் உலகின் கிலோகிராமாக இருந்தது. அந்த நிலை மாறி, பிளாங்க் மாறிலியின் மதிப்பை நிலையாகக் கொண்டு கிலோகிராமை வரையறுக்கும் முறை நடைமுறைக்கு வந்த நாள் இது. பாடத்திட்டத்தில் அது இல்லை, தேர்விலும் வரப்போவதில்லை. இருந்தும் அன்று தம் எல்லா வகுப்புகளிலும் முதல் பத்து நிமிடங்களை டீச்சர் அதற்கே ஒதுக்கினார். அந்த உருளை 130 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் டீச்சர் மிக முன்கூட்டியே கிளம்புகிறார் என்ற நம் ஆட்சேபத்தை இங்கே பதிவு செய்கிறோம்.

படம் 9: 2020
(புகைப்படம்: கணினித் திரையில் பல சிறு கட்டங்கள், பலவற்றில் நூலில் தொங்கும் கல், சாவி, பூட்டு.)

பள்ளி மூடியிருந்த மாதங்களிலும் செய்முறை வகுப்பு நிற்கவில்லை. வீட்டில் கிடைத்ததைக் கட்டித் தொங்கவிட்டு, நூல் கட்டிய இடத்திலிருந்து பொருளின் நடுப்புள்ளி வரை அளந்து, கைப்பேசியில் நேரம் பார்த்துப் பிள்ளைகள் அனுப்பிய எல்லா அளவீடுகளும் ஒரே அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வலது கீழ்க் கட்டத்தில் ஆடிக்கொண்டிருப்பது டீச்சர் வீட்டு வாசற்கதவின் பூட்டு.

படம் 10: கடைசி இருக்கை
(புகைப்படம்: வகுப்பின் பின்வரிசையில், மாணவர்களுக்கிடையே குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கும் டீச்சர்.)

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களின் வகுப்புகளில் அவர் இப்படித்தான் வந்து உட்கார்ந்தார். "நன்றாக நடத்தினீர்கள்" என்ற பொதுச் சொல் அவரிடமிருந்து வராது; அளந்ததைத்தான் சொல்வார். ஒருவருக்கு அவர் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் பத்திரமாக இருக்கிறது: "முதல் பத்து நிமிடத்தில் நான்கு கேள்விகள் கேட்டீர்கள். மூன்றுக்கு நீங்களே விடை சொல்லிவிட்டீர்கள். கேட்ட பிறகு மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள்." ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடியாக நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளமாகவும் யோசித்தவையாகவும் மாறுகின்றன என்பதையும் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே காட்டியிருக்கிறார். நாங்கள் அதை நூலில் படித்தவர்கள் அல்லர். பின்வரிசையில் இருந்து ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு கற்றுக்கொண்டவர்கள். அந்த மூன்று நொடி வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு எவ்வளவு நீளமானது என்பது நின்றவர்களுக்கே தெரியும்.

படம் 11: இருப்புப் பதிவேடு
(புகைப்படம்: சென்ற வாரம் ஒப்படைக்கப்பட்ட ஆய்வகப் பதிவேட்டின் கடைசிப் பக்கம்.)

அடுத்துப் பொறுப்பேற்பவருக்காக டீச்சர் எழுதியவை: "சுருள்வில் தராசு எண் 3 சற்றுக் குறைத்துக் காட்டும், திருத்தம் பெட்டியில் உள்ளது. ஜன்னலோர மேசை ஆடும், ஊசல் சோதனைக்கு வேண்டாம். குவி வில்லை ஒன்று காணவில்லை. என் காலத்தில் காணாமற்போனது, என் பெயரில் எழுதவும்." மூன்றாவது வரி தொடர்பாக ஒரு செய்தி: வில்லை நேற்று மாலை புளூட்டோ அட்டையைத் துடைக்க ஏறியபோது அலமாரியின் மேல் கிடைத்துவிட்டது. பதிவேட்டில் அந்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறோம். கீழே இருப்பதைப் படிக்க முடிகிறது.

படம் 12: இன்று
(புகைப்படம் இன்னும் எடுக்கப்படவில்லை.)

விளக்குகள் எரிந்ததும் எல்லோரும் முன்பக்கம் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். டீச்சர் முதல் வரிசையின் நடுவில் நிற்பார். இது குறித்து அவர் எழுப்பும் ஆட்சேபம் ஏற்கப்படாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் தயவுசெய்து முகம் முழுதும் தெரியும்படி நிற்கவும்.