தாவரங்களில் நீர் கடத்துதல்: விடைத்தாள் திருத்தக் குறிப்பு

பத்தாம் வகுப்பு அறிவியல், அலகுத் தேர்வு. வினாக்கள் 4, 5. பெற்றது: 10-க்கு 4.

அன்புள்ள மாணவிக்கு,

வினா 4: "இலையில் தயாரான உணவைச் சைலம் கடத்துகிறது, வேர் உறிஞ்சிய நீரைப் புளோயம் மேலே கொண்டுபோகிறது" என்று எழுதியிருக்கிறாய். வேலைகள் இரண்டும் சரி, பெயர்கள்தாம் இடம் மாறிவிட்டன. படத்தில் அம்புக்குறிகளைப் பிழையின்றி வரைந்திருப்பதால் 2 மதிப்பெண் தந்திருக்கிறேன்.

உங்கள் குலசேகரம் பக்கத்து ரப்பர் மரத்தை நினைத்துப் பார். பால் வெட்டும் கத்தி பட்டையோடு நின்றுவிடுகிறது. புளோயம் இருப்பது அந்தப் பட்டையில்தான், நீரைக் கடத்தும் சைலமோ அதற்கும் உள்ளே மரக்கட்டையாக இருக்கிறது, அதனால்தான் நாள்தோறும் வெட்டுப்பட்டாலும் மரத்தின் இலைகள் வாடுவதில்லை. (ரப்பர் பால் புளோயச் சாறு என்று எழுதிவிடாதே, அது பட்டையிலுள்ள தனிப் பால்குழாய்களில் உண்டாவது.) புளோயச் சாற்றுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், பனம்பாளையைச் சீவி எடுக்கும் அக்கானி இருக்கிறது. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைப்பதற்குக் காரணம், புளோயம் சுமந்து வரும் சுக்ரோஸ்தான். பாளை மர உச்சியில் இருப்பதையும் கவனி: புளோயம் கீழ்நோக்கி மட்டுமன்றி, உணவு தேவைப்படும் எத்திசைக்கும் கடத்தும்.

வினா 5: "இலையின் மேல் படிந்த நீர் வெயிலில் ஆவியாவதே நீராவிப்போக்கு, வேர் தள்ளுவதால் நீர் மேலே ஏறுகிறது" என்ற விடையை ஏற்க முடியவில்லை. ஆவியாவது இலையின் உள்ளே, ஈரமான செல்சுவர்களிலிருந்து. அந்த நீராவி பெரும்பாலும் இலைத்துளைகள் வழியாக வெளியேறுகிறது. அப்படி நீர் குறையும்போது உண்டாகும் இழுவிசை, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளின் வழியே சைலக் குழாய் முழுவதும் இறங்கி வேர் வரை எட்டுவதால், நீர்த்தம்பம் அறுபடாமல் மேலே இழுக்கப்படுகிறது. டிக்சனும் ஜோலியும் 1894-இல் முன்வைத்த விளக்கம் இதுவே. வேர் அழுத்தம் என்பது உண்மைதான், ஆனால் நீராவிப்போக்கு வேகமாக நடக்கும் பகலில் அதன் பங்கு மிகக் குறைவு. உயரமான தென்னையின் ஓலைக்கு நீர் சேர்வதை அதைக்கொண்டு விளக்க முடியாது.

விடியற்காலையில் சேம்பிலை நுனியில் தொங்கும் துளியை நீராவிப்போக்குக்குச் சான்றாகக் காட்டியிருந்தாய். நீ கண்ணால் கண்டதை எழுதியது எனக்கு மகிழ்ச்சியே, ஆனால் அது நீர்வடிதல்: இரவில் வேர் அழுத்தத்தால், இலைத்துளை வழியாக அல்லாமல் இலை நுனியிலுள்ள நீர்த்துளைகள் வழியாக, நீர்மமாகவே வெளிவருவது. "மழைக்காலத்தில் நீராவிப்போக்கு கூடும்" என்ற வரியையும் அடித்திருக்கிறேன். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் அது குறையும்.

இரண்டு விடைகளையும் திருத்தி எழுதி, குறுக்குவெட்டுப் படத்தில் சைலத்தை உட்புறமும் புளோயத்தை வெளிப்புறமும் குறித்து, திங்கட்கிழமை முதல் பாடவேளையில் என்னிடம் காட்டு.