உழவர் உற்பத்தியாளர் குழுக் கூட்டம், 10.08.2025: ஒலிப்பதிவிலிருந்து எழுதிய சுருக்கம்

ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் உள்ள நமது உழவர் உற்பத்தியாளர் குழுவின் கூட்டம் கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை 10.20 மணிக்குப் பால் சொசைட்டிக் கட்டடத்தின் முன்திண்ணையில் தொடங்கியது. ஐந்து ஆர்வலர் குழுக்களிலும் சேர்த்து உள்ள 100 உறுப்பினர்களில் 63 பேர் வந்திருந்தார்கள். அவர்களில் 22 பேர் பெண்கள். வர இயலாதவர்களுக்காகவும், வந்திருந்தும் எது முடிவு, எது வெறும் பேச்சு என்று பின்னர் என்னிடம் கேட்டவர்களுக்காகவும், தலைவரின் கைப்பேசியில் பதிவான 1 மணி 47 நிமிடப் பேச்சை இருமுறை கேட்டு இந்தச் சுருக்கத்தை எழுதியிருக்கிறேன். ஆடி மாதம் என்பதால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி இடையே ஆறு நிமிடம் பேச்சை மூடிவிட்டது. அந்தப் பகுதியில் பேசியவர்களிடம் நேரில் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டதை மட்டுமே சேர்த்திருக்கிறேன்.

முதலில் விலை பற்றிப் பேசப்பட்டது. வழக்கம்போல ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த மிக உயர்ந்த விலையைச் சொல்லத் தொடங்கியதும், முருங்கைக்கு ஒருவர் 35 ரூபாய் என்றும் மற்றொருவர் 22 ரூபாய் என்றும் கூற, கூட்டம் சிறிது நேரம் திசை தெரியாமல் நின்றது. 35 ரூபாய் என்று சொன்னவர் சீட்டை எடுத்துப் பார்த்தபோது அது ஆனி மாதச் சீட்டாக இருந்தது. அதன் பிறகு, கையில் சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டுமே விலை சொல்லலாம் என்று பொருளாளர் கேட்டுக்கொண்டார். ஒரே நாளில், ஆகஸ்ட் 7ஆம் தேதி, செடி முருங்கை விற்ற இருவரின் சீட்டுகள் அவ்வாறு கிடைத்தன. கூட்டத்தில் மிகவும் பயன்பட்ட பகுதி அதுவே என்பதால் அந்தக் கணக்கை முழுமையாகத் தருகிறேன்.

முதலாமவர் 300 கிலோ கொண்டுபோய்க் கிலோ 28 ரூபாய்க்கு விற்றார். நூற்றுக்கு இரண்டு கிலோ கழிவு போக 294 கிலோவுக்கு 8,232 ரூபாய் வந்தது. அதில் நூற்றுக்குப் பத்து வீதம் கமிஷன் 823 ரூபாயும், இறக்குக் கூலி 120 ரூபாயும், தனியாக அமர்த்திய குட்டியானை வண்டிக்கு 900 ரூபாயும் போக, அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது 6,389 ரூபாய். இரண்டாமவர் 250 கிலோ கொண்டுபோனார். அவருக்குக் கிடைத்த விலை 26 ரூபாய்தான். கழிவு போக 245 கிலோவுக்கு 6,370 ரூபாய். கமிஷன் 637, இறக்குக் கூலி 100. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பிக்கப் வண்டியில் இடம் கிடைத்ததால் கிலோவுக்கு 1 ரூபாய் 20 காசு வீதம் வாடகை 300 ரூபாய் மட்டுமே. கையில் நின்றது 5,333 ரூபாய். தோட்டத்தில் எடைபோட்ட கிலோவுக்கு வகுத்துப் பார்த்தால், முதலாமவருக்கு 21 ரூபாய் 30 காசும் இரண்டாமவருக்கு 21 ரூபாய் 33 காசும் கிடைத்திருக்கின்றன. இரண்டு ரூபாய் கூடுதலாக விற்றவர் மூன்று காசு குறைவாகப் பெற்றிருக்கிறார் என்று பொருளாளர் படித்ததும், பதிவில் சில நொடிகள் எந்தக் குரலும் கேட்கவில்லை.

இனிமேல் குழுவின் பதிவேட்டில் சந்தை விலையுடன் ‘கைக்கு வந்த விலை’ என்ற தனிப் பத்தியும் இருக்க வேண்டும் என்பது முதல் முடிவு. இதற்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. விற்ற அன்றே சீட்டைப் படமெடுத்துத் தம் ஆர்வலர் குழுத் தலைவரின் கைப்பேசிக்கு அனுப்ப வேண்டும். கைப்பேசி இல்லாதவர்கள் சீட்டை நேரில் காட்டினால் போதும்.

வரும் நாட்களின் விலை குறித்து மூத்த உறுப்பினர் ஒருவர் கூறியதையும் குறிப்பிட வேண்டும். ஆடியில் திருமணங்கள் இல்லாததால் முருங்கைக்கும் கத்திரிக்கும் தேவை தணிந்திருக்கிறது; ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்குகின்றன; அத்துடன் செப்டம்பர் 5ஆம் தேதி திருவோணம் வருவதால் ஆகஸ்ட் 26 அத்தம் நாளிலிருந்து கேரள வியாபாரிகளின் கொள்முதல் கூடும் என்பது அவர் கணிப்பு. எல்லாரும் அந்தப் பத்து நாளை நம்பிக் காயைச் செடியிலேயே நிறுத்தினால் முற்றிய காய்தான் சந்தைக்குப் போகும் என்றும் அவரே எச்சரித்தார். இது ஒருவரின் அனுபவக் கணிப்பு, குழுவின் முடிவு அன்று.

அடுத்து வாடகை வண்டி. குழுவே சொந்தமாக வண்டி வாங்கலாம் என்று நான்காம் குழுவினர் கோரினார்கள். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் கிடைத்த 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி பண்ணை இயந்திரங்களுக்கானது என்பதையும், அதில் வாங்கிய களையெடுக்கும் கருவியும் சுழல் கலப்பையும் இப்போதே ஓட்டுநர் கிடைக்காமல் பல நாள் சும்மா நிற்பதையும் தலைவர் எடுத்துச் சொன்ன பின், அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. மாற்றாக, ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை முதல் செப்டம்பர் 3 வரை சோதனையாக ஒரு பிக்கப் வண்டியை நாள்வாடகைக்கு அமர்த்துவது என்று முடிவாயிற்று. ஒரு நடைக்கு 1,600 ரூபாய் என்று வண்டிக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1,400 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 14 காசு ஆகும். பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, ஓடைப்பாலம் ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே வண்டி நிற்கும், தோட்டந்தோறும் வராது.

காய் குறைவாக வரும் நாளில் வாடகையை யார் தாங்குவது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. வந்தவர்களே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சிலரும், அப்படியென்றால் முதல் வாரத்திலேயே எவரும் வரமாட்டார்கள் என்று சிலரும் வாதிட்டார்கள். இறுதியில், சுமை 1,000 கிலோவுக்குக் கீழே போனால், கருவிகளின் வாடகை வருவாயிலிருந்து நாளொன்றுக்கு 400 ரூபாய் வரை குழு ஈடு செய்யும் என்றும், அது இந்தச் சோதனைக் காலத்துக்கு மட்டுமே பொருந்தும் என்றும் ஏற்கப்பட்டது. முந்தைய நாள் மாலை 7 மணிக்குள் எத்தனை கிலோ என்று சொல்லிப் பதிய வேண்டும். பதிந்துவிட்டுக் காய் கொண்டுவராதவர் தம் பங்கில் பாதி வாடகையைக் கட்ட வேண்டும். மழையால் பறிக்க முடியாமற்போனால் என்ன செய்வது என்று மூன்றாம் குழுவினர் கேட்ட கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை; ஆகவே அது நிலுவையில் இருக்கிறது.

ஏற்றுவதற்கு முன் குழுவின் மின்னணுத் தராசில் எடைபோட்டுத் துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்பதும் முடிவானது. விற்பனைச் சீட்டு குழுவின் பெயரில் இருக்கட்டும் என்று நானே முன்மொழிந்தேன். “என் காய்க்கு என் பெயரில்தான் சீட்டு வேண்டும்; வண்டி மட்டும் பொதுவாக இருக்கட்டும்” என்று இரண்டாம் குழுவைச் சேர்ந்த பெண் உறுப்பினர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றதால் என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றேன். பதிவை மறுபடி கேட்கும்போது அவர் சொன்னதே சரி என்று தோன்றுகிறது.

கூட்டத்தின் மிக நீண்ட வாதம் முன்பணம் பற்றியது. அது மட்டும் 31 நிமிடம் நடந்தது. எந்தப் பயிரை எந்தச் சந்தைக்கு யார் கொண்டுபோவது என்று பிரிக்கத் தொடங்கியபோதுதான், 11 உறுப்பினர்கள் தாங்கள் கமிஷன் கடைகளில் முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு கடைக்கோ வேறு ஊருக்கோ காயை மாற்ற இயலாது என்று வெளிப்படையாகக் கூறினார்கள். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று அவர்களில் ஒருவர் சொன்னார். வட்டி கமிஷனுக்குள்ளும் கழிவுக்குள்ளும் மறைந்திருக்கிறது என்று பொருளாளர் பதிலளித்தார். நள்ளிரவில் மனைவியை மருத்துவமனையில் சேர்க்கக் கடைக்காரர்தான் பணம் கொடுத்தார், அந்த நேரத்தில் குழுவின் கதவைத் தட்டியிருந்தால் திறந்திருக்குமா என்று அந்த உறுப்பினர் கேட்டதற்கு மறுமொழி இல்லை. முன்பணம் பெற்றவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றும், அவர்களும் பொது வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம், காய் அவரவர் கடையிலேயே இறக்கப்படும் என்றும் முடிவு செய்யப்பட்டது. ஆனால் வண்டி ஒரு நாளில் நான்கு கடைகளுக்கு மேல் நிற்காது.

பயிர்ப் பங்கீடு பின்வருமாறு அமைந்தது. முதல் இரண்டு குழுக்களின் தக்காளி 14 கிலோ பெட்டிகளில் தரம் பிரித்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கே போகும். பழுத்ததும் செங்காயும் ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது. முருங்கையில் ஐந்து குழுக்களுக்கும் பங்கிருப்பதால், எல்லாரும் ஒரே நாளில் இறக்கி விலையைத் தாமே சரிப்பதைத் தவிர்க்க, ஒற்றைப்படை எண்ணுள்ள குழுக்கள் திங்கள், புதன், வெள்ளியிலும், மற்றவை செவ்வாய், வியாழனிலும் பறிப்பார்கள். சின்ன வெங்காயத்தைப் பட்டறையில் வைத்திருக்கும் ஒன்பது பேரும் சேர்ந்து திண்டுக்கல் வெங்காயச் சந்தைக்கு ஒரே சுமையாகக் கொண்டுபோவார்கள். ஈரமும் முளையும் உள்ளதைக் கழித்த பிறகே மூட்டை பிடிக்க வேண்டும்.

வெண்டை, கத்திரி, புடலை ஆகியவற்றை ஒருவரே திரட்டித் திண்டுக்கல் உழவர் சந்தையில் விற்கலாம் என்ற யோசனை நல்லதாகத் தோன்றினாலும் நிலைக்கவில்லை. உழவர் சந்தை அடையாள அட்டை, தம் நிலத்தில் தாமே விளைவித்ததை விற்பதற்குத் தரப்படுவது; பிறர் காயை அங்கே வைத்து விற்றால் அட்டையே பறிபோகும் என்று ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் உறுப்பினர் விளக்கினார். எனவே அட்டையுள்ள ஆறு பேர் அவரவர் காயை மட்டும் கொண்டுபோவார்கள். அட்டை இல்லாத காய்கறி விவசாயிகள் விண்ணப்பிக்க வேண்டிய ஆவணங்களை ஐந்தாம் குழுத் தலைவர் கேட்டறிந்து சொல்வார்.

மக்காச்சோளம் தை மாதத்துப் பேச்சு என்பதால் சுருக்கமாகவே முடிந்தது. 2025-26ஆம் ஆண்டுக்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்று குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்பட்டிருப்பதைப் பேரம் பேசும்போது அளவாகக் கொள்ளலாம் என்றும், ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு வரும்வரை உலர்த்தி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலத்துக்கு வைக்கலாம் என்றும், அங்கே விற்பவரிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்றும் தலைவர் கூறினார். முடிவு எடுக்கப்படவில்லை.

அடுத்த கூட்டம் செப்டம்பர் 7 ஞாயிறு காலை 10 மணிக்கு அதே இடத்தில் நடக்கும். பதினேழு நாள் வண்டிக் கணக்கும் கைக்கு வந்த விலைப் பதிவேடும் அன்று வைக்கப்படும். இந்தச் சுருக்கத்தில் தம் பேச்சு தவறாக எழுதப்பட்டிருப்பதாகக் கருதுபவர்கள் ஆகஸ்ட் 16க்குள் என்னிடம் தெரிவித்தால், ஒலிப்பதிவைச் சேர்ந்து கேட்டுத் திருத்திவிடுகிறேன்.

செயலர்