வலை பொத்தும் ஊசி

பிள்ளைகளே, எல்லாரும் முன்னால் வந்து பாயில் உட்காருங்கள். சின்னவர்கள் முன்னுக்கு, அண்ணாமாரும் அக்காமாரும் கொஞ்சம் பின்னுக்கு.

இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். வலை! திருக்கடலூரில் இருக்கும் ஒரு மாமாவிடம் இன்று காலை இரவல் வாங்கி வந்தேன். அதுதான் இந்தச் சூடை மீன் மணம். மூக்கைப் பிடிக்க வேண்டாம், தம்பி. பேதுருவின் சட்டையும் இப்படித்தான் மணத்திருக்கும்.

இங்கே ஒரு இடம் கிழிந்திருக்கிறது. தங்கச்சி, உன் கையை இதற்குள் விடு. தோள் வரைக்கும் போகிறது, பார்த்தீர்களா? கடலுக்கு அடியில் பாறையில் சிக்கிக் கிழிந்ததாம். இதோடு கடலுக்குப் போனால் மீன் நிற்குமா? நிற்காது.

அதற்காக மாமா இதைக் குப்பையில் போடவில்லை. பிற்பகலில் கரைப் பக்கம் போனால் நீங்களே காண்பீர்கள். தோணி நிழலில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பொறுமையாகப் பொத்திக்கொண்டிருப்பார்கள். இதோ, வலை ஊசி. அம்மாவின் தையல் ஊசியைப்போல இதற்குக் கூர் இல்லை. தட்டையாக இருக்கிறது, நூலை வயிற்றிலேயே சுற்றி வைத்திருக்கிறது.

இயேசு கலிலேயாக் கடலோரமாக நடந்து போனபோது, யாக்கோபும் யோவானும் இதே வேலையில்தான் இருந்தார்கள். மாற்கு முதலாம் அதிகாரம், 19ஆம் வசனம்: அவர்கள் படவிலே ‘வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறதை’ இயேசு கண்டார். அந்தப் ‘பழுதுபார்த்து’ என்ற சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், ஆறாம் அதிகாரம் முதலாம் வசனத்தில், ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் சாந்தமுள்ள ஆவியோடே அவனைச் ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்கிறார். நம்முடைய வேதாகமத்தில் இவை இரண்டு சொற்கள். பவுலும் மாற்கும் எழுதிய கிரேக்க மொழியில் இரண்டும் ஒரே சொல்! வலைக்குச் செய்வதைத் தப்புச் செய்த உன் சிநேகிதனுக்கும் செய் என்கிறார் பவுல். இதை முதன்முதலாக அறிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எப்படிச் செய்வது? மாமா காட்டித் தந்தார். முதலில் ஊசியை எடுக்கவில்லை, கத்தியைத்தான் எடுத்தார். கிழிந்து தொங்கும் நூல்களை வெட்டிச் சுத்தப்படுத்தினார். அவற்றின் மேல் முடிச்சுப் போட்டால் நிற்காதாம். நமக்கும் தொங்கும் நூல்கள் உண்டு. ‘அவன்தானே முதலில் அடித்தான்’, ‘அவள்தானே சொன்னாள்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அவைதான். பிறகு பழைய கண் எந்த அளவோ, அதே அளவில் ஒவ்வொரு கண்ணாகப் பின்னினார். நான் ஒரு முடிச்சை அவசரமாக இழுத்தேன். பக்கத்துக் கண்ணும் அறுந்துவிட்டது. ‘மெல்ல, பிள்ளை, மெல்ல’ என்றார். பவுல் ஏன் சாந்தம் என்று எழுதினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஒரு உண்மை சொல்லட்டுமா? ஐந்தாம் ஆண்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் வண்ணப் பென்சில் பெட்டியைக் கேட்காமல் எடுத்தாள். அதில் இரண்டு பென்சில்கள் முறிந்துபோயின. அவள் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு தவணை முழுவதும் பேசவில்லை. விடுமுறை முடிந்து போனபோது அவளுடைய இடம் காலியாக இருந்தது. குடும்பத்தோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டார்களாம். பென்சில்கள் என்ன நிறம் என்பதுகூட இப்போது நினைவில் இல்லை. அவள் அழுத முகம் இருக்கிறது. ஊசி என் கையில் இருந்தது, பிள்ளைகளே. நான் பொத்தவில்லை.

பேதுருவும் ஒருமுறை பெரிதாகக் கிழிந்துபோனார். இயேசுவைத் தெரியாது என்று மூன்றுமுறை சொன்னார். உயிர்த்தெழுந்த இயேசு அவரை விட்டுவிடவில்லை. கரையில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்று கூப்பிட்டார். சாப்பிட்டு முடிந்த பிறகு, ‘என்னை நேசிக்கிறாயா?’ என்று மூன்றுமுறை கேட்டார். மூன்று கிழிசலுக்கு மூன்று முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு வேலையும் கொடுத்தார்: என் ஆடுகளைப் பார்த்துக்கொள்.

இப்போது கண்களை மூடுவோம். இந்த வாரம் யாரோடு பேசாமல் இருக்கிறீர்களோ, அந்தப் பெயரை மனதுக்குள் இயேசுவிடம் சொல்லுங்கள். சத்தமாக வேண்டாம், அவருக்குக் கேட்கும்.

அன்புள்ள இயேசுவே, கலிலேயாக் கரையில் நடந்த நீர் எங்கள் திருகோணமலைக் கரையிலும் நடக்கிறீர். நாங்கள் இப்போது சொன்ன பெயர்களை நீர் கேட்டீர். நாளை பாடசாலையில் அவர்களைக் காணும்போது பேச எங்களுக்குத் தைரியம் தாரும். நாங்கள் கிழிந்த இடங்களையும் உமது கையால் பொத்தியருளும். ஆமென்.

ஆராதனை முடிந்ததும் வாசலுக்கு வாருங்கள். இந்த ஓட்டையில் இன்னும் ஆறு கண்கள் மிச்சம். ஆளுக்கொரு முடிச்சுப் போட்டு மாமாவிடம் திருப்பிக் கொடுப்போம்.