ரிசப்ஷன் சாப்பாடு: 200 இலைக்கான மெனுவும் கணக்கும்

தம்பி,

நேற்று ராத்திரி நீ அனுப்பின கேட்டரிங் பட்டியலை மூன்று தடவை படித்தேன். 24 ஐட்டம், இலைக்கு 480 ரூபாய், குறைந்தது 250 இலைக்குப் பணம் கட்டணும். 200 பேருக்கு நீ கொடுக்கப்போவது 1,20,000. பணத்தைவிட எனக்கு உறுத்தினது அந்தப் பட்டியல்தான். பரோட்டா, சப்பாத்தி, ரோஸ்ட், இட்லி, இடியாப்பம், நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ், சாம்பார் சாதம், எல்லாம் மாவும் அரிசியும்தான், காய் என்று பார்த்தால் ஒரே ஒரு கோபி மஞ்சூரியன், அதுவும் எண்ணெயில் பொரித்தது. இனிப்பு மட்டும் நாலு. ஒரு மனுஷன் வயிறு எவ்வளவு தாங்கும்?

என் பையன் கல்யாணத்தில் 300 பேருக்குச் சமைத்து 210 பேர் சாப்பிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு அண்டா பாயசத்தைக் கொட்டினதை நான் இன்னும் மறக்கவில்லை. பாப்பா கல்யாணத்தில் அது நடக்கக்கூடாது. அதனால் மாஸ்டரிடம் உட்கார்ந்து பேசி, கூலிக்கு அவர், பொருள் நாம் என்று முடிவு பண்ணி இதை எழுதியிருக்கிறேன். நீயும் உன் மனைவியும் பார்த்துவிட்டுச் சரி என்றால் இதையே மாஸ்டர் கையில் கொடுத்துவிடலாம்.

ஆள் கணக்கு

நம்ம பக்கம் 88, மாப்பிள்ளை வீட்டார் 87. மேளம், போட்டோ, வேன் டிரைவர்கள், மேக்கப், மண்டபத்து ஆட்கள் 25. மொத்தம் 200. இந்தக் கடைசி 25 பேரை எல்லாரும் மறந்துவிட்டு, கடைசிப் பந்தியில் சாதம் இல்லை என்று கையைப் பிசைவார்கள். 200-க்கு மேல் ஒரு இலைக்குக்கூடச் சமைக்க வேண்டாம். திடீரென்று இருபது பேர் கூட வந்தால்? அதற்கு 3 கிலோ ரவையும் கொஞ்சம் காயும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், அரை மணி நேரத்தில் கிச்சடி ரெடி. ஆள் வராவிட்டால் ரவை வீட்டுக்கு வந்துவிடும், கெட்டுப்போகாது.

காலையில் சுவாமிமலையில் தாலி கட்டு முடிந்து மதியம் வீட்டு ஆட்கள் அறுபது பேர் வடை பாயசத்தோடு சாப்பிட்டிருப்பார்கள். அதனால் ராத்திரி மறுபடியும் பாயசம் வேண்டாம்.

மெனு

வாசலில் பன்னீர் தெளித்ததும் சுக்கு மல்லி காபி, சின்ன டம்ளரில். தை மாதப் பனிக்கு இதமாக இருக்கும், பாலும் வேண்டாம், கருப்பட்டி போட்டால் போதும். நீ சொன்ன வெல்கம் டிரிங்க், சூப் இரண்டுக்கும் இது ஒன்றே போதும்.

இலையில்: உப்பு, எலுமிச்சை ஊறுகாய், அசோகா, வெள்ளரிக்காய் தயிர்ப் பச்சடி, அவரைக்காய் பொரியல், கத்தரிக்காய் மொச்சைக் கூட்டு, உருளைக்கிழங்கு காரக்கறி, வாழைப்பூ வடை, அப்பளம். இவை எல்லாம் ஆட்கள் உட்காருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே இலையில் இருக்கணும். அப்பளமும் வடையும் மட்டும் உட்கார்ந்த பிறகு.

அப்புறம் சூடாக இட்லி, சின்ன வெங்காய சாம்பார், தேங்காய்ச் சட்னி. அடுத்து சீரக சம்பாவில் வெஜிடபிள் பிரியாணி, வெங்காயப் பச்சடி. பின்னால் ஒரு பிடி வெள்ளைச் சாதம், மிளகு ரசம். முடிவில் தயிர் சாதம், மோர் மிளகாய். கை கழுவி வரும் வழியில் ஐஸ்கிரீம் கப்பும் பீடாவும்.

சப்பாத்தியை எடுத்துவிட்டேன். கோபம் வேண்டாம். இட்லியும் பிரியாணியும் இருக்கும்போது அது மூன்றாவது மாவுப் பண்டம், 200 பேருக்குச் சூடாகப் போடத் தனியாக இரண்டு ஆள் வேண்டும், ஆறினால் யாரும் தொடமாட்டார்கள். அந்தக் கூலியில்தான் மூன்று காய் வந்திருக்கிறது.

இனிப்புக்கு அசோகா ஏன் என்றால், இது நம்ம ஊர்ப் பக்கத்து இனிப்பு, திருவையாறு பக்கம் போனால் இதற்கென்றே கடைக்குப் போவார்கள், மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரில் இருந்து வருகிறார்கள், இங்கே வந்து குலாப் ஜாமூன் சாப்பிட்டுப் போகணுமா? பாதாம் அல்வாவுக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது, பாசிப்பருப்புதான். ஆனால் நெய்யில் கை வைக்கக்கூடாது. ஆளுக்கு 40 கிராம், மொத்தம் 8 கிலோ. அதற்குப் பருப்பு ஒன்றரை கிலோ, சர்க்கரை மூன்றரை, நெய் ஒன்றே முக்கால்.

சாம்பாரில் முருங்கைக்காய் போடச் சொன்னாய். தை மாதத்தில் முருங்கை வரத்தே இருக்காது, விலை கண்ணைக் கட்டும். அதே தையில் மொச்சையும் அவரையும் பச்சைப் பட்டாணியும் குவிந்து கிடக்கும். பட்டாணி பிரியாணிக்குள் போய்விடும், மொச்சை கூட்டுக்கு. பன்னீர் மசாலா வைத்தால்தான் கௌரவம் என்று உன் மனைவி நினைக்கலாம், ஆனால் பச்சை மொச்சையில் செய்த கூட்டு அதைவிட ருசி.

மாப்பிள்ளை வீட்டில் வெங்காயம் பூண்டு சேர்க்காத பெரியவர்கள் 12 பேர் இருக்கிறார்கள் என்று சம்பந்தி அம்மா சொன்னார்கள். சாம்பார், பிரியாணி, வெங்காயப் பச்சடி, உருளைக் காரக்கறி இந்த நாலில் மட்டும்தான் வெங்காயம். வடை, கூட்டு, பொரியல், ரசம், சட்னி எதிலும் வேண்டாம் என்று மாஸ்டரிடம் அழுத்திச் சொல்லியாச்சு. தனிச் சமையல் எதுவும் இல்லாமலே அவர்களுக்கு நிறைவான இலை கிடைக்கும். முதல் பந்தியில் ஒரே வரிசையில் உட்கார வைத்து, அந்த வரிசைக்கு விவரம் தெரிந்த ஒரு பரிமாறுகிறவரை நிறுத்தணும். முந்திரி அசோகாவிலும் பிரியாணியிலும் இருக்கிறது, குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் முன்னாடியே சொல்லச் சொல்.

அளவு

இட்லி ஆளுக்கு இரண்டு, 400. இட்லி அரிசி 9 கிலோ, உளுந்து இரண்டே கால். பிரியாணிக்குச் சீரக சம்பா 8 கிலோ, அதில் கேரட், பீன்ஸ், பட்டாணி சேர்த்து 8 கிலோ. சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் பொன்னி 9 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3, வடைக்குக் கடலைப்பருப்பு 4. அவரை 10 கிலோ, உருளை 12, கத்தரி 6, மொச்சை 5, வெள்ளரி 6, பெரிய வெங்காயம் 15, சின்ன வெங்காயம் 5, தக்காளி 12, தேங்காய் 40, வாழைப்பூ 8. பால் 12 லிட்டர், தயிர் 12 கிலோ. நெய் மொத்தம் 4 கிலோ, முந்திரி ஒன்றரை. இலை 220.

பொன்னி பழைய அரிசியாக இருக்கணும், இது மட்டும் மறக்காதே. அறுவடை நேரம் என்பதால் கடைக்காரர் புது அரிசியைத் தள்ளப் பார்ப்பார். புது அரிசி குழைந்து ரசத்தில் கூழாகிவிடும்.

உருளை, வெங்காயம், தேங்காய் மூன்றையும் இரண்டு நாள் முன்னாடி வாங்கிவிடலாம். மற்ற காய் முதல் நாள் விடியற்காலை தாராசுரம் மார்க்கெட்டில். கல்யாணத்தன்று முகூர்த்த நாள், ஊரெல்லாம் கல்யாணம், இலைக்கு இப்போதே முன்பணம் கொடுத்து விலையைப் பேசி வைத்துவிடு. கடைசி நேரத்தில் போனால் சொன்ன விலைதான்.

செலவு

மளிகை 15,000
காய்கறி, இலை 8,000
பால், தயிர் 1,700
மாஸ்டரும் நாலு உதவியாட்களும் 16,000
பரிமாற 10 பேர், தலைக்கு 900 வீதம் 9,000
பாத்திரம் தேய்க்க, இலை எடுக்க 4 பேர் 2,800
கேஸ் சிலிண்டர் மூன்று 6,000
பாத்திர வாடகை 3,500
தண்ணீர் கேன் 500
ஐஸ்கிரீம் 3,000
பீடா 1,600
வண்டி 1,500
கைச்செலவு 3,400

மொத்தம் 72,000. இலைக்கு 360. கேட்டரிங்காரர் கேட்டதைவிட 48,000 குறைவு. விலை எல்லாம் இந்த வாரம் விசாரித்தது, அதற்குள் ஏறினால் கைச்செலவில் இருந்து சமாளிக்கலாம். அதுவும் தாண்டினால் ஐஸ்கிரீமை நிறுத்து, பூவன் பழம் வைத்துக்கொள்ளலாம். நெய், அரிசி, பரிமாறும் ஆள் இந்த மூன்றிலும் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பத்துப் பேர் எதற்கு என்று நீ கேட்டாய். சாப்பாட்டு ஹாலில் 80 பேர் உட்காரலாம், எட்டு இலைக்கு ஒருவர் என்றால்தான் கேட்டுக் கேட்டுப் போட முடியும். ஆள் குறைந்தால் அவசரத்தில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போவார்கள், பாதி இலையிலேயே மூடி வைக்கப்படும். வீணாவது அங்கேதான். கொஞ்சமாக வைத்து மறுபடி கேட்டு வைக்கணும். பஃபே வேண்டாம் என்று நான் சொன்னதும் இதற்காகத்தான், வயசானவர்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் என்னால் பார்க்க முடியாது.

அன்றைக்கு

மாவு முதல் நாள் மதியமே அரைத்துவிடணும், பனிக்காலத்தில் புளிக்க நேரம் எடுக்கும். மதியம் இரண்டு மணிக்கு அசோகா கிளறிவிடலாம். நாலரைக்குக் கூட்டு, காரக்கறி, சாம்பார். பொரியல் ஆறுக்கு மேல். தயிர் சாதம் சூடாக மசித்துப் பால் ஊற்றி, ஆறின பிறகு கொஞ்சமாகத் தயிர் சேர்க்கணும், இல்லாவிட்டால் கடைசிப் பந்தியில் புளித்துவிடும். தேங்காய்ச் சட்னியை மொத்தமாக அரைக்கக் கூடாது, பந்திக்குப் பந்தி அரைக்கணும். பிரியாணி இரண்டு அண்டா, முதலாவது ஆறே முக்காலுக்கு, அடுத்தது ஏழரைக்கு. இட்லி ஈடு ஈடாக இறங்கிக்கொண்டே இருக்கட்டும்.

முதல் பந்தி 7 மணி, 80 பேர். இரண்டாவது 7.45, 80 பேர். மூன்றாவது 8.30, நம்ம வீட்டு ஆட்களும் மேளம், போட்டோ, டிரைவர்களும், 40 பேர். பொண்ணு மாப்பிள்ளையை மூன்றாவதுக்கு விடாதே. மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தால் குழந்தைகள் பசியில் வாடிப்போகும், இரண்டாவது பந்தியில் இழுத்து வந்து உட்கார வை. யார் என்ன சொன்னாலும் சரி.

இரண்டாவது பந்தி எழுந்ததும் மாஸ்டர் எண்ணிப் பார்த்து மிச்சத்துக்கு மட்டும் இட்லி ஊற்றுவார். மீந்த மாவும் காயும் மறுநாள் வீட்டு டிபனுக்கு ஆகும். அதையும் தாண்டிச் சாதமோ பிரியாணியோ மிஞ்சினால் ஒன்பதரைக்குள் சூடாகவே பொட்டலம் கட்டி மண்டபத்துக் கூட்டுகிறவர்களுக்கும் வாட்ச்மேனுக்கும் கொடுத்துவிடணும். காலைவரை வைத்திருந்து கொடுப்பது பாவம்.

மாஸ்டருக்கு வெள்ளிக்கிழமைக்குள் 5,000 அட்வான்ஸ் கொடுக்கணும். சம்பந்தி அம்மாவிடம் நானே இன்றைக்குச் சாயங்காலம் போன் பண்ணி மெனுவைப் படித்துக் காட்டுகிறேன், பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறதாம், அவருக்கு அசோகா அளவு என்ன என்று அப்போதே கேட்டுக்கொள்கிறேன். நீ இலைக்கு முன்பணம் கொடு.

அக்கா