நடைக் கையேடு, பகுதி 4: தெய்வப் பெயர்களும் பால் சுட்டும் சொற்களும்

கட்டுரையாளர்கள், மதிப்பீட்டாளர்கள், மெய்ப்புத் திருத்துவோர் ஆகிய மூவருக்கும். வரும் ஜனவரி இதழிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. இந்தப் பகுதியின் பழைய வடிவம் ஒன்றரைப் பக்கம்தான். 'மரியாதையுடன் எழுதுக' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதை நம்பியதால் வந்த வினையை முதல் விதியிலேயே சொல்லிவிடுகிறோம்.

4.1 விகுதியே நமக்குப் பெரிய எழுத்து

சென்ற இதழில், தமிழ் முஸ்லிம்களின் நூல்கள் பற்றிய கட்டுரை ஒன்றில் 'அல்லாஹ் அருளினான்' என்று இருந்ததை 11 இடங்களில் 'அருளினார்' என்று மாற்றி, மரியாதை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். கட்டுரையாளர் மெய்ப்பைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பி அனுப்பினார். அவர் செய்ததே சரி. இறைவன் ஒருவன் என்பதற்கு ஒருமை விகுதியே பொருத்தம் என்பது அந்த எழுத்து மரபு. அதே பக்கத்தில் நபிகளுக்கு 'அவர்கள்' என்று வரும். இறைவனுக்கு 'அவன்', தூதருக்கு 'அவர்கள்'. மரபு அறியாதவருக்கு ஏணி தலைகீழாக நிற்பதுபோல் தோன்றும். அதைத் தொடாதீர்கள்.

தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. எபிரேயத்துக்கும் அரபிக்கும் கிடையாது. ஆங்கிலம் முதல் எழுத்தைப் பெரிதாக்கிச் செய்கிற வேலையைத் தமிழ் வினைமுற்றிலும் பதிற்பெயரிலும் செய்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்குப் பால் கிடையாது. நம் 'ஆன்', 'ஆள்', 'ஆர்' விகுதிகளோ மரியாதையையும் பாலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. தெய்வத்துக்கு ஒரு விதி, ஆண் பெண்ணுக்கு வேறொரு விதி என்று பிரித்து எழுத முடியாமல் இரண்டையும் ஒரே பகுதியில் வைத்திருப்பது இதனால்தான்.

இலக்கணத்தின் பழைய ஆசிரியரும் இரண்டையும் சேர்த்தே பார்த்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் 4-ஆம் நூற்பா, 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவியும் தெய்வம் சுட்டிய பெயர்நிலைக் கிளவியும்' தமக்கென்று தனி ஈறு இல்லாதவை, உயர்திணையின் ஈறுகளையே கொள்பவை என்கிறது. தெய்வமும் பால் திரிந்தவரும் ஒரே நூற்பாவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

4.2 தெய்வங்களுக்கு எந்த விகுதி

கட்டுரை எந்த மரபைப் பற்றியதோ அந்த மரபினர் எழுதும் விகுதியே நம் விகுதி. சைவ, வைணவக் கட்டுரைகளில் 'அவன்' தாராளமாக வரலாம். அது நெருக்கத்தின் 'அவன்'. கிறித்தவக் கட்டுரைகளில் 'அவர்'. இஸ்லாமியக் கட்டுரைகளில் மேலே சொன்னபடி. ஒரே கட்டுரை பல மரபுகளை ஒப்பிடுமானால், ஒவ்வொன்றையும் பேசும் இடத்தில் அதனதன் விகுதி. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் 'ஆர்' ஆக்கக் கூடாது.

ஒரு மரபுக்குள் ஏற்றத்தாழ்வு காட்டுவது வேறு விஷயம். 'சிவபெருமான் எழுந்தருளினார், சுடலைமாடன் வந்தான், மாரி ஆடினாள்' என்று ஒரே பத்தியில் எழுதுவது விவரிப்பு ஆகாது, தீர்ப்பு. சுடலையின் கொடை விழாவில் நிற்பவர்கள் 'சாமி வந்துவிட்டார்' என்றுதான் சொல்கிறார்கள். நாட்டார் தெய்வங்களுக்கும் பெருங்கோயில் தெய்வங்களுக்கும் அதே வினை, அதே விகுதி. 'சிறுதெய்வம்' என்ற சொல்லை மேற்கோளில் மட்டும் அனுமதிக்கிறோம். மற்ற இடங்களில் 'நாட்டார் தெய்வம்' அல்லது அந்தத் தெய்வத்தின் பெயர். 'துர்தேவதை' வேண்டவே வேண்டாம். மதிப்பீட்டாளர் ஒருவர் இதை மிகை என்றார். அந்தக் கோயில்களுக்குப் போகிறவர்கள் இந்த இதழைப் படிக்கிறார்கள் என்பதே நம் பதில்.

தூய ஆவியைப் பற்றி எழுதுவோர் தங்கள் சொல்லைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள். 'ஆவி அருளப்பட்டது' என்றால் அஃறிணை, 'ஆவியானவர் அருளப்பட்டார்' என்றால் உயர்திணை. மூலமொழிகளும் இங்கே ஒத்துப்போவதில்லை: எபிரேயத்தில் 'ரூவாஹ்' பெண்பால், கிரேக்கத்தில் 'நியூமா' அஃறிணைப் பால், லத்தீனில் 'ஸ்பிரிட்டுஸ்' ஆண்பால். தொடக்ககாலச் சிரியாக் எழுத்தாளர்கள் ஆவியைப் பெண்பாலில் பேசியதுண்டு. அந்த நூல்களைப் பற்றிய கட்டுரையில் 'அவர்' என்று சமன்செய்துவிட்டால் கட்டுரையின் பொருளே போய்விடும்; அங்கே 'அவள்' எழுதலாம், முதல் இடத்தில் ஒரு வரி விளக்கத்துடன்.

பாலைக் கடந்தது என்று ஒரு மரபே சொல்லுமிடத்தில் அதன் சொல்லை அப்படியே வையுங்கள். 'பெண்ஆண் அலியெனும் பெற்றியன் காண்க' என்கிறது திருவாசகம். 'ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியும் அல்லன்' என்கிறார் நம்மாழ்வார். ஒருவர் மூன்றும் என்கிறார், மற்றவர் மூன்றும் இல்லை என்கிறார். இருவருமே 'அன்' விகுதியை விடவில்லை. விளக்கம் எழுதும்போது 'இறை', 'பரம்பொருள்' என்று எழுதி விகுதியிலிருந்து தப்பிக்கும் பழக்கம் நம் கட்டுரையாளர்களிடம் பெருகியிருக்கிறது. ஓரிரு இடங்களில் சரி. பக்கம் முழுவதும் செய்தால் பாட்டில் இருக்கும் இழுபறி உரையில் காணாமல் போகிறது.

4.3 ஆங்கிலச் சுருக்கம்

ஒவ்வொரு கட்டுரைக்கும் 200 சொற்களுக்குள் ஆங்கிலச் சுருக்கம் கேட்கிறோம். பெரிய எழுத்துச் சிக்கல் அங்கேதான் எழுகிறது.

'காட்' என்பது ஒரே இறைவனுக்குப் பெயராக நிற்கும்போது முதல் எழுத்து பெரிது. 'ஒரு கடவுள்', 'சங்கப் பாடல்களின் கடவுளர்' என்று பொதுப்பெயராக வந்தால் சிறிது. 'காடெஸ்' என்ற சொல்லுக்கும் அதே அளவுகோல். சிவனுக்குப் பெரிய எழுத்து, மீனாட்சிக்குச் சிறிய எழுத்து என்று வந்த சுருக்கங்கள் எங்கள் கோப்பில் இருக்கின்றன. 'டிவைன்', 'பிப்ளிக்கல்' போன்ற பெயரடைகள் எப்போதும் சிறிய எழுத்தில்.

இறைவனைச் சுட்டும் 'ஹீ', 'ஹிம்', 'ஹிஸ்' ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து வேண்டாம். இதைப் பக்திக் குறைவு என்று வருந்துவோருக்கு: 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இந்தப் பதிற்பெயர்கள் சிறிய எழுத்தில்தான் உள்ளன. மேலும், 'ஸ்பிரிட்' போன்ற சொல்லில் பெரிய எழுத்து போடுவதே ஒரு விளக்கம்தான். பழைய கிரேக்கக் கையெழுத்துப்படிகள் முழுக்க ஒரே வகைப் பேரெழுத்தில் இருப்பதால், எது இறை ஆவி, எது மனித ஆவி என்று முடிவு செய்தவர் மொழிபெயர்ப்பாளரே. உங்கள் முடிவு என்ன என்பதைக் கட்டுரை சொல்லட்டும்.

எபிரேயத் திருப்பெயரின் நான்கு மெய்யெழுத்துகளுக்கு ஈடாக ஆங்கில பைபிள்கள் 'லார்ட்' என்பதை முழுக்கப் பேரெழுத்து வடிவில் அச்சிடுகின்றன. மேற்கோளில் அதை அப்படியே வையுங்கள்.

4.4 அடைமொழிகள்

'திரு', 'ஸ்ரீ', 'பெருமான்', 'பகவான்' ஆகியவை ஆய்வுரையில் தேவையில்லை. ஆனால் 'திருஞானசம்பந்தர்', 'காரைக்கால் அம்மையார்' போலப் பெயரோடு ஒட்டியவற்றை வெட்டாதீர்கள். நபிகள் பெயருக்குப் பின் வரும் 'ஸல்' என்ற குறி கட்டுரையாளர் விருப்பம். போட்டால் முழுவதும் போட வேண்டும்.

4.5 மனிதர்கள்

தெய்வத்துக்கு மரபின் விகுதி, மனிதருக்கு இதழின் விகுதி. அது 'ஆர்'. அரசர், அடியார், அடிமை, ஆய்வாளர் எல்லோருக்கும். 'சுந்தரர் சென்றார், பரவை ஊடினாள்' என்று நம்மிடம் வராத ஆண்டே இல்லை. சேக்கிழாரே 'பரவையார்' என்று எழுதியிருக்கும்போது, பின்னால் வந்த நாம் விகுதியைப் பிடுங்குவது எந்த நியாயம்? ஆணுக்கு 'ஆர்' என்றால் அவர் மனைவிக்கும் பணியாளுக்கும் 'ஆர்'.

விவிலியக் கட்டுரைகளில் இது கண்முன்னே தெரியும். லூக்கா 1:38-இல் பழைய புரொட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு 'மரியாள் … என்றாள்' என்கிறது. 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு 'மரியா … என்றார்' என்கிறது. மேற்கோள் எடுத்த நூலின் விகுதியை மாற்றக் கூடாது. மேற்கோள் குறி மூடியதும் நம் விகுதி தொடங்கும். பவுலின் கடிதங்களிலும் இப்படியே. பழைய மொழிபெயர்ப்பு 'சகோதரரே' என்றிருக்கும் இடத்தில் 'சகோதரிகளே' என்று நீங்கள் சேர்த்துவிடாதீர்கள். எந்த மொழிபெயர்ப்பு என்று சொன்னால் போதும்.

'ஆர்' எங்கும் வந்தால் யார் யாரைச் சொன்னார் என்று குழம்பும். உண்மைதான். அதற்குப் பரிகாரம் பெயரைத் திரும்ப எழுதுவது. ஒருவரை மட்டும் 'அவள்' ஆக்குவது அல்ல. கதைச்சுருக்கம் சொல்லும் பத்திகளில் மட்டும், ஆண் பெண் இருவருக்கும் சேர்த்து 'அவன்', 'அவள்' எழுத விரும்பினால் எழுதலாம்.

'மனிதன் கடவுளைத் தேடுகிறான்' என்பதை 'மனிதர் தேடுகின்றனர்' ஆக்குங்கள். 'ஒருவன்' என்பது 'ஒருவர்'. 'கவிதாயினி', 'பெண் எழுத்தாளர்', 'பெண் போதகர்' ஆகியவை பால்தான் பேசுபொருள் என்றால் மட்டும். 2013-இல் தென்னிந்தியத் திருச்சபையில் முதன்முதலாக ஒரு பெண் பேராயரானார். அந்தச் செய்தியைச் சொல்லும் வாக்கியத்துக்குப் பிறகு அவர் வெறும் 'பேராயர்'. 'திருமதி', 'செல்வி' எங்கும் வேண்டாம். 'கற்பழிப்பு' என்பதற்கு 'பாலியல் வன்கொடுமை'. புராணக் கதையானாலும் அதே சொல்.

ஆங்கிலச் சுருக்கத்தில் பால் தெரியாத ஒருவரைச் சுட்ட ஒருமை 'தே' ஏற்கத்தக்கது. 'மேன்கைண்ட்' வேண்டாம்.

4.6 'அலி', 'பேடி', 'பேடு'

மூல நூல்களில் இந்தச் சொற்கள் வரும். நீக்கவோ புள்ளி வைத்து மறைக்கவோ வேண்டாம். நம் உரையில் 'திருநங்கை', 'திருநம்பி', இருவருக்கும் பொதுவாகத் 'திருநர்'. ஆனால் பழைய நூல்களின் 'பேடு' என்பதை இன்றைய 'திருநங்கை' என்று நேராகப் பெயர்த்துவிட முடியாது. அங்கே மூலச்சொல்லை ஒற்றை மேற்கோளில் வைத்து எழுதுக. உயிருடன் இருப்பவரானால் அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படி. கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கையெழுத்துப்படியோடு ஒரு வரியில் எங்களுக்கு எழுதுங்கள்.

4.7 மெய்ப்பில்

மெய்ப்புத் திருத்துவோர் தெய்வப் பெயரைத் தொடரும் எந்த விகுதியையும் தாமாக மாற்றக் கூடாது. பென்சிலால் ஓரத்தில் வினாக்குறி இட்டுக் கட்டுரையாளருக்கு அனுப்புங்கள். ஏழு நாளில் பதில் வராவிட்டால் கையெழுத்துப்படியில் இருந்ததே அச்சாகும். மனிதருக்கான விகுதியைக் கேட்காமலே திருத்தலாம். தேடு-மாற்று கட்டளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். 'னான்' என்பதையெல்லாம் 'னார்' ஆக்கச் சொன்னபோது கணினி சுல்தானையும் விடவில்லை. மேற்கோளுக்குள் 'சுல்தானான்' என்றிருந்த சொல் 'சுல்தானார்' ஆகி அச்சுக்கூடம் வரை போய்த் திரும்பியது.