கலைச்செல்வி நம் யூனிட்டின் தர மேலாளர் ஆகிறார்

உற்பத்தி, கட்டிங், செக்கிங், பேக்கிங், மெர்ச்சன்டைசிங், ஸ்டோர் பிரிவுகளில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

நம் ஃபைனல் செக்கிங் பொறுப்பாளர் கலைச்செல்வி, வரும் 2026 ஜூன் 1, திங்கட்கிழமை முதல் யூனிட் முழுவதற்குமான தர மேலாளராகப் பொறுப்பேற்கிறார். இதை உங்களுக்குச் சொல்வதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இதோடு யார் யாரிடம் ரிப்போர்ட் செய்வது என்பதிலும் முக்கியமான மாற்றம் இருக்கிறது. அதனால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

2011-இல் பிசிறு வெட்டும் ஹெல்பராக வந்தவர் கலைச்செல்வி. மூன்று வருடத்தில் செக்கர், பிறகு லைன் கியூசி, 2022 முதல் ஃபைனல் செக்கிங் பொறுப்பு. லைனில் பாதிப் பேருக்கு அவர் ‘கலை அக்கா’. இன்று நம்மிடம் உள்ள செக்கர்களில் பதினோரு பேர் அவரிடம் வேலை பழகியவர்கள். ஆனால் இத்தனை வருடம் இருந்தார் என்பதற்காக இந்தப் பதவி கொடுக்கப்படவில்லை. காரணத்தை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் 6,400 பீஸ் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் முடிந்து, பெட்டி ஒட்டி அடுக்கியாயிற்று. மறுநாள் காலை பையர் தரப்பு இன்ஸ்பெக்‌ஷன். நம் வழக்கப்படி அதற்கு முன்பு கலைச்செல்வி உள் ஆடிட் செய்தார். ஏக்யூஎல் 2.5 கணக்கில் அந்த அளவு லாட்டுக்கு 200 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறை 10 வரை இருந்தால் பாஸ், 11 வந்தால் ஃபெயில். அவருக்குக் கிடைத்தது 9. சட்டப்படி பாஸ். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவர் அந்த ஒன்பது பீஸையும் மேஜைமேல் வரிசையாக விரித்து வைத்தார். அதில் ஆறு பீஸில் ஒரே குறை: இடது தோள்பட்டை ஓவர்லாக்கில் தையல் விட்டிருந்தது. ஆறுமே 5–6 வயது சைஸ். “சார், இது அங்கொண்ணு இங்கொண்ணு வந்த குறையில்ல. ஒரே மெஷின்ல இருந்து வந்திருக்குது. ரெண்டு துவைக்குத் தாங்காதுங்க, தோள் பிரிஞ்சுக்கும். இந்த சைஸ் பெட்டிய மட்டும் பிரிக்கோணும்” என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பாஸ் ஆன லாட்டை எதற்குப் பிரிப்பது என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு பீஸை எடுத்துத் தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். விட்ட இடத்திலிருந்து நூல் கடகடவென்று ஓடிவந்தது.

பெட்டிகளைப் பிரித்தோம். அந்த சைஸில் இருந்த 1,100 பீஸில் 83 பீஸ் அதே குறையோடு கிடைத்தது. லைனில் ஓர் ஓவர்லாக் மெஷினின் லூப்பர் செட்டிங் இரண்டு நாளாகத் தளர்ந்திருந்தது தெரிந்தது. இரவு பதினொன்றரை வரை ரிப்பேர் நடந்தது. கலைச்செல்வியும் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். மெஷினில் இருந்த தங்கச்சியை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. லூப்பர் தளர்ந்தால் தையல் சத்தம் எப்படி மாறும் என்று மறுநாள் அவள் பக்கத்தில் நின்று கேட்கச் சொல்லிக்கொடுத்தார். காலை இன்ஸ்பெக்‌ஷனில் மூன்றே குறையோடு பாஸ் ஆனோம்.

குறையை எண்ணுகிறவர்கள் நம்மிடம் நிறைய உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே தேடிப்போகிறவர் கலைச்செல்வி. துணி வந்ததும் ஒரு துண்டு வெட்டித் துவைத்துப் பார்த்து, சுருக்கமும் சைடு தையல் முறுக்குவதும் எவ்வளவு என்று எழுதி வைத்த பிறகே கட்டிங்குக்கு விடும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த நோட்டு இப்போது மூன்றாவது வால்யூமில் இருக்கிறது.

அன்று இரவு எனக்குப் புரிந்தது இன்னொன்றும் உண்டு. இதுவரை லைன் கியூசி எல்லோரும் உற்பத்தி மேலாளர் முருகேசன் அவர்களின் கீழ் இருந்தார்கள். நாளுக்கு இத்தனை பீஸ் கொடுத்தாக வேண்டும் என்ற பாரம் தோளில் இருப்பவரிடமே, லைனை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய நிலை கியூசிக்கு. இது இரண்டு பேருக்குமே சங்கடம். இதை மாற்ற வேண்டும் என்று முதலில் என்னிடம் பேசியவர் முருகேசன் அவர்களே என்பதைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு என் நன்றி.

ஆகவே ஜூன் 1 முதல் நான்கு லைன் கியூசிக்களும், செக்கிங் மேஜைகளும், ஃபைனல் செக்கிங்கும் கலைச்செல்வியிடம் ரிப்போர்ட் செய்வார்கள். இதுவரை ஸ்டோரோடு இருந்த துணி செக்கிங்கும் அவரிடம் வருகிறது. துணி வரவு, இருப்புக் கணக்கு வழக்கம்போல ஸ்டோரில் கந்தசாமி அண்ணனிடமே இருக்கும். கலைச்செல்வி நேராக என்னிடம் ரிப்போர்ட் செய்வார். ஃபைனல் செக்கிங் பொறுப்பைத் தனலட்சுமி ஏற்கிறார். டெய்லர்கள், சூப்பர்வைசர்கள், மெக்கானிக்குகள், அயர்னிங், பேக்கிங் ஆட்கள் யாருக்கும் மாற்றம் இல்லை. எல்லோரும் முருகேசன் அவர்களின் கீழ்தான்.

ஒரு லைனை நிறுத்தும் அதிகாரம் கலைச்செல்விக்கு உண்டு. அவர் நிறுத்திய லைன் அவர் கையெழுத்து இல்லாமல் ஓடக்கூடாது. முருகேசன் அவர்களுக்கு அதில் மாற்றுக் கருத்து இருந்தால் இருவரும் உடனே என்னிடம் வரலாம், அரை மணி நேரத்துக்குள் முடிவு சொல்வேன். நைட் ஷிப்டில் டியூட்டி கியூசி கலைச்செல்விக்குப் போன் செய்து கேட்க வேண்டும். உடைந்த ஊசிப் பதிவேடும் இனி அவர் பொறுப்பு: ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்து, ஒட்டி, கையெழுத்தான பிறகே புது ஊசி.

மெர்ச்சன்டைசர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாம்பிள் பற்றிய பையர் கமென்ட்டை லைனில் நிற்கும் கியூசியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போவதை நிறுத்திக்கொள்ளுங்கள். மெயிலில் கலைச்செல்விக்கு அனுப்புங்கள். இன்ஸ்பெக்‌ஷன் தேதி வாங்குவதும் அவரைக் கேட்ட பிறகே. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு ஆர்டர்கள் மட்டும் ஜூன் 13 ஷிப்மென்ட் வரை பழைய முறைப்படியே போகட்டும். நடுவில் கை மாற்றினால் குழப்பம் வரும்.

செக்கிங், கியூசி ஆட்களின் லீவு, ஓவர்டைம் சீட்டுகளில் இனி கலைச்செல்வி கையெழுத்திடுவார். ஏற்கெனவே முருகேசன் அவர்கள் அனுமதித்த லீவு அப்படியே செல்லும், திரும்ப எழுதிக் கேட்க வேண்டாம். யாருடைய சம்பளமும் ஷிப்டும் இந்த மாற்றத்தால் குறையாது.

இந்தப் பொறுப்புக்குத் தகுதியுள்ள இன்னொருவரும் நம்மிடம் இருக்கிறார். அவரிடம் நேரில் உட்கார்ந்து பேசிவிட்டேன். வேறு யாருக்காவது மனதில் கேள்வி இருந்தால் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள். தயக்கம் வேண்டாம்.

திங்கட்கிழமை காலை 11 மணி டீ டைமில் எல்லா லைனும் இருபது நிமிடம் நிற்கும். ஃபினிஷிங் ஹாலில் கூடி கலைச்செல்விக்கு வாழ்த்துச் சொல்வோம். டீயோடு வடையும் சொல்லியிருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத நம் ஒடிசா, பீகார் தோழர்களுக்கு லைன் சூப்பர்வைசர்கள் இன்றே இந்தியில் விவரத்தைச் சொல்லிவிடுங்கள். கையெழுத்திட்ட ஒரு பிரதி நேரக் கடிகாரத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டப்படும்.

கார்த்திகேயன்
பொது மேலாளர்
திருப்பூர், 2026 மே 27